ஷெட்யூல் செய்த பண்டிகைப் பதிவுகளும் இடையில் வந்த துயரச் செய்தியும்

"ஒரு ஆன்லைன் துணிக்கடையின் சமூக ஊடகப் பக்கங்களை நானும் இன்னொருவரும் பார்த்துக்கொள்கிறோம். பண்டிகை வாரத்துக்கான பதிவுகளை மொத்தமாக முன்பே ஷெட்யூல் செய்துவிடுவோம். நடுவில் பெரிய விபத்துச் செய்தி வந்துவிட்டால் எதை நிறுத்துவது, எதை விடுவது? ஒவ்வொரு பதிவையும் எப்படிப் பார்த்து முடிவு செய்வது?"

முதலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். படித்துப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: செய்தி வந்ததும் பட்டியலைத் திறந்து, இது பரவாயில்லை, இது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பிப்பார்கள். மூன்றாவது பதிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கத்தில் ஐந்தாவது பதிவு தானாகப் போய்விடும். பண்டிகை வாரத்தில் ஒரு நாள் பதிவு போகாவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தவறான நேரத்தில் போன ஒன்றை எல்லோரும் கவனிப்பார்கள்.

2012 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், அரோரா நகரத் திரையரங்கு ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அன்று காலையில், அந்நாட்டுத் துப்பாக்கி உரிமையாளர் சங்கமான என்ஆர்ஏ-வின் பத்திரிகைக் கணக்கிலிருந்து, துப்பாக்கி சுடுபவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லி, வார இறுதிக்கு என்ன திட்டம் என்று கேட்டு ஒரு ட்வீட் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை நீக்கினார்கள். சம்பவம் தெரியாமல் ஒருவர் போட்டது என்று விளக்கமும் சொன்னார்கள். முந்தைய வெள்ளிக்கிழமை அதே வரிகள் வந்திருந்தால் அது வெறும் காலை வணக்கம். உங்கள் பட்டியலில் இருக்கும் பதிவுகளும் எழுதிய அன்று நன்றாகத்தான் இருந்திருக்கும். அதனால் "இதில் என்ன தப்பு?" என்று கேட்டுப் பயனில்லை. இன்றைய செய்திக்குப் பக்கத்தில் வைத்தால் இது எப்படி வாசிக்கப்படும் என்றுதான் கேட்க வேண்டும்.

நிறுத்துவது எப்படி என்பது கருவியைப் பொறுத்தது. பஃபரில் ஒவ்வொரு பக்கத்தின் வரிசையையும் தனித்தனியாக நிறுத்தி வைக்கலாம். ஹூட்சூட்டிலும் ஷெட்யூல் செய்தவற்றை மொத்தமாக நிறுத்திவைக்கும் வசதி உண்டு. மெட்டா பிசினஸ் சூட்டில் Planner பகுதிக்குப் போய் ஒவ்வொரு பதிவாக எடுத்து, நேரத்தைத் தள்ளிப்போட வேண்டும் அல்லது வரைவாக மாற்ற வேண்டும். யூடியூபில் நேரம் குறித்து வைத்த வீடியோவை ஸ்டுடியோவில் Private ஆக்கிவிட்டால் போதும். தள்ளிப்போடுவதாக இருந்தால் நாளைக்கு என்று போடாதீர்கள், இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். நாளைக்கு என்று போட்டது, வேறு வேலையில் மறந்துபோய், நாளைக்குப் போயே விடும். எதையும் அழிக்கவும் வேண்டாம். பதற்றத்தில் அழித்த பதிவின் படமும் வாசகமும் வேறெங்கும் இல்லை என்பது பெரும்பாலும் அழித்த பிறகுதான் தெரியவரும்.

ஷெட்யூல் கருவியில் இல்லாதவை அதைவிட ஆபத்தானவை. பட்டியலை நிறுத்தினால் விளம்பரம் நிற்காது. ஆட்ஸ் மேனேஜரில் ஓடும் பண்டிகை விளம்பரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அதையும் பணம் கொடுத்துக் காட்டிக்கொண்டிருப்பீர்கள். மின்னஞ்சல் தனி. போன மின்னஞ்சலைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது என்பதால், அடுத்த சில மணி நேரத்தில் மின்னஞ்சல் ஏதாவது போக இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உங்களுக்காகப் பதிவு போட ஒப்புக்கொண்டவர்கள் இருந்தால், அவர்கள் கையிலும் நேரம் குறித்த பதிவுகள் இருக்கும். ஒரு போன் அடித்துச் சொல்லிவிடுங்கள்.

இன்பாக்ஸின் தானியங்கிப் பதிலைப் பற்றி யாருமே நினைப்பதில்லை. பண்டிகை வாரத்துக்காக அதை மாற்றி வைத்திருப்பீர்கள்: "வணக்கம்! கொண்டாட்டம் ஆரம்பம் 🎉 உங்கள் ஆர்டர் விவரம் அனுப்புங்கள், அசத்திடலாம்!" இப்போது ஒரு வாடிக்கையாளர், "விபத்தில் என் அக்கா மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், ஆர்டரை ரத்து செய்ய முடியுமா?" என்று எழுதுகிறார். அந்த விநாடியே அவருக்கு 🎉 போகிறது. வெளியில் யாருக்கும் தெரியாமல் ஒரே ஒருவரை மட்டும் குத்தும் தவறு இது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவர் போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஏற்கெனவே போன பதிவுகளையும் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் பதிவுகளை வழக்கமாக நேர வரிசைப்படி காட்டுவதில்லை. நேற்று மாலை போட்ட உங்கள் குதூகலப் பதிவு, இன்று காலையில் யாரோ ஒருவருக்கு விபத்துப் படத்துக்கு நேர் கீழே வரலாம். கடந்த இரண்டு நாள் பதிவுகள், மேலே பின் செய்து வைத்திருப்பது, அட்டைப் படம் இவற்றை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் ஆர்க்கைவ் செய்தால் லைக்கும் கமெண்டும் போகாமல் பதிவு மட்டும் மறையும், பிறகு திரும்பக் கொண்டுவரலாம்.

சரி, இப்போது படிக்கும் வேலை. ஒரு உதாரணத்தை வைத்துப் போவோம். ஏழு நாள் பண்டிகை வாரம், மொத்தம் 14 பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் இரவு, பெரிய கூட்டம் ஒன்றில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் இறந்துவிட்டார்கள், குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று செய்தி. உங்களிடம் இன்னும் பத்துப் பதிவுகள் மிச்சம்.

மிச்சப் பதிவுகளின் வாசகங்களை ஒரு ஷீட்டில் கொட்டி, செய்தியோடு தொடர்புள்ள சொற்களைத் தேடுங்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. "கூட்டம்" என்று தேடினால் "கூட்டத்தில்", "கூட்டத்தோடு" எதுவும் அகப்படாது. "உயிர்" என்று தேடினால் "உயிரோட்டமான" தப்பிவிடும். கடைசி எழுத்தின் புள்ளியை விட்டு, அல்லது கடைசி எழுத்தையே விட்டு, அடிச்சொல்லை மட்டும் தேட வேண்டும்: "கூட்ட", "உயிர", "நெரிச", "மூச்ச", "முந்த", "முந்து", "மித", "திணற". தேவையில்லாதவையும் வந்து விழும், பரவாயில்லை. படத்துக்குள் எழுதிய வாசகம் இந்தத் தேடலில் வராது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சொற்களை ஏன் தேடச் சொல்கிறேன் என்றால், நம் விளம்பர மொழி முழுக்கவே முட்டலும் மோதலும்தான். கூட்டம் அலைமோதும், விலை அதிரடியாகச் சரியும், தள்ளுபடி மூச்சுத் திணற வைக்கும், எல்லாரையும் முந்தச் சொல்வோம். சாதாரண நாளில் இதையெல்லாம் யாரும் சொல்லுக்குச் சொல் வாசிப்பதில்லை. சம்பவம் நடந்த பிறகு அப்படித்தான் வாசிப்பார்கள். ஒரு சொல் எவ்வளவு காலம் சூடாக இருக்கும் என்பதற்கு 2017-இல் நடந்தது நல்ல உதாரணம். பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களுக்கு அடிடாஸ் அனுப்பிய மின்னஞ்சலின் தலைப்பு, மாரத்தானில் நீங்கள் உயிர் பிழைத்துவிட்டீர்கள், வாழ்த்துகள் என்ற பொருளில் இருந்தது. களைத்துப்போய் ஓடி முடித்தவரிடம் விளையாட்டாகச் சொல்வதுதான். ஆனால் 2013-இல் அதே மாரத்தானில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்திருந்தார்கள். நான்கு வருடம் கழிந்தும் அந்தச் சொல் அந்த ஊரோடு சேரக் கூடாததாகவே இருந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

உதாரணத்துக்குத் திரும்புவோம். மூன்றாம் நாள் காலைப் பதிவு: "கூட்டம் அலைமோதுகிறது! நீங்களும் முந்துங்கள்!" இதில் விவாதமே இல்லை, எடுத்துவிட வேண்டும். சிலர் "முந்துங்கள்" என்பதை "வாருங்கள்" என்று மாற்றிக் காப்பாற்றப் பார்ப்பார்கள். ஆனால் பதிவின் கருவே கூட்டம் என்பதால் எந்தச் சொல்லை மாற்றினாலும் அது கூட்டத்தைப் பற்றியதாகவே இருக்கும். இந்த வாரம் மட்டுமல்ல, இந்த வருடமே இது வேண்டாம்.

அடுத்தது 15 விநாடி ரீல். வாசகம் வெறும் "இந்த வார புதிய வரவுகள்". ஷீட்டில் பார்த்தால் பச்சைக்கொடி காட்டிவிடுவீர்கள். ஒலியோடு ஓட்டிப் பாருங்கள்: ஆறாவது விநாடியில், உற்சாகத்துக்காகப் போட்ட கூட்டத்தின் கூச்சலும் விசிலும் வருகிறது. அதோடு கேமரா குலுங்கிக்கொண்டே மனிதர்களுக்கு நடுவில் புகுந்து போகிறது. அந்த இரவு எல்லோர் போனிலும் சுற்றிய காட்சிகளுக்கும் இதற்கும் ஒலியில் வித்தியாசம் தெரியாது. வீடியோக்களை அலுவலகத்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்தச் சோதனையில் மட்டும் அது ஆகாது. ஒலியை மாற்றி, அந்தக் காட்சித் துண்டை வெட்டினால் நான்கைந்து நாள் கழித்து இதைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, டெலிவரி அறிவிப்பு: "வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஆர்டர் செய்தால் பண்டிகைக்கு முன் கையில் கிடைக்கும்." இது போக வேண்டிய பதிவு. பணம் கொடுத்தவர்களுக்கும் கொடுக்கப் போகிறவர்களுக்கும் இந்தத் தகவல் தேவை, துக்கத்தை மதிக்கிறோம் என்று சொல்லி இதையும் மறைத்தால் அடுத்த வாரம் வேறு வகையான கோபம் வரும். ஆனால் இருக்கும் உருவத்தில் போகக் கூடாது. ராக்கெட் எமோஜி, "மிஸ் பண்ணிடாதீங்க", படத்தில் கலர் காகிதத் தூறல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரே நிறப் பின்னணியில் அந்த ஒரு வரியை மட்டும் போடுங்கள். ஆச்சரியக்குறிகளை எண்ணிப் பார்த்து நீக்குவதிலேயே பாதித் தொனி இறங்கிவிடும்.

நான்காவதுதான் எனக்கு இந்தப் பட்டியலிலேயே அதிகப் பயம் தருவது. ஒரு போட்டி: "சின்ன வயதில் பண்டிகைக் கூட்டத்தில் நீங்கள் தொலைந்துபோன கதையைச் சொல்லுங்கள், பரிசு வெல்லுங்கள்!" போட்டியின் தொல்லை என்னவென்றால், பதிவை எழுதுவது நீங்கள், அதற்கு அடியில் எழுதப்போவது மற்றவர்கள். குழந்தையைத் தேடிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவரின் உறவினர் அங்கே வந்து எழுதினால் உங்களிடம் பதில் கிடையாது. கேள்வி கேட்கும் பதிவுகள், ஓட்டெடுப்பு, "உங்கள் நண்பரை டேக் செய்யுங்கள்" வகையறா, இவை வாசகம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கடைசியாகத்தான் திரும்ப வர வேண்டும். இந்தக் குறிப்பிட்ட போட்டியோ தலைப்பே மாறாமல் வரக் கூடாது.

ஐந்தாவது, ஒரு வாடிக்கையாளர் குடும்பம் ஒரே நிறத்தில் உடுத்திச் சிரிக்கும் படம். சொல்லிலோ படத்திலோ சம்பவத்தைத் தொடும் எதுவும் இல்லை. இதை நான் மென்மோதல் என்று குறித்துவைப்பேன்: தப்பில்லை, நேரம் சரியில்லை. இரண்டு மூன்று நாள் தள்ளினால் போதும். ஆனால் போடுவதற்கு முன் அந்தக் குடும்பத்தாரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். அனுமதி கொடுத்தது சம்பவத்துக்கு முன். அவர்களே பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்களாக இருக்கலாம், அல்லது இந்த நேரத்தில் தங்கள் முகம் சிரித்துக்கொண்டு வருவதை விரும்பாமல் இருக்கலாம்.

மிச்சம் ஐந்தில் பெரும்பாலானவை இதே மூன்று வகைக்குள் அடங்கும்: கரு மோதுவது, ஏதாவது ஒரு பகுதி மட்டும் மோதுவது, நேரம் மட்டும் மோதுவது. முதலாவதை எடுத்துவிடலாம், இரண்டாவதைத் திருத்தலாம், மூன்றாவதைத் தள்ளிவைக்கலாம். பண்டிகை நாளின் வாழ்த்துப் பதிவை மட்டும் இன்றைக்கே முடிவு செய்யாதீர்கள். அதற்கு முந்தைய இரவில் பார்த்துக்கொள்ளலாம். துள்ளல் குறைந்த இன்னொரு வடிவத்தையும் இப்போதே செய்து கையில் வைத்துக்கொண்டால், அன்று இரவு வேலை சுலபம்.

வாசிப்பதற்கு ஒரு நடைமுறை உண்டு. கணினியில் ஷீட்டாகப் படிக்காமல், பதிவின் ஸ்க்ரீன்ஷாட்டைப் போனில் எடுத்து, செய்தித்தளத்தின் தலைப்பு ஸ்க்ரீன்ஷாட்டுக்கு அடுத்ததாக வைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். செய்தி, பதிவு, செய்தி, பதிவு. பார்க்கிறவர் அப்படித்தான் பார்க்கப்போகிறார். தள்ளும்போது விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே பிரச்சினை. அந்தப் பதிவை எழுதாதவர் இதைச் செய்ய வேண்டும். நீங்கள் இருவர் என்பதால், உங்களுடையதை அவரும் அவருடையதை நீங்களும் பாருங்கள். எழுதியவருக்குத் தன் சிலேடை எப்போதும் சிலேடையாகவே தெரியும்.

இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் யார் சொல்வது முடிவு என்பதை மட்டும் பண்டிகை வாரத்துக்கு முன்பே பேசி வையுங்கள். என் கட்சி, நிறுத்தச் சொல்பவர் பேச்சுதான் எடுபட வேண்டும், முதலாளியிடம் அனுமதி கேட்காமலே நிறுத்தும் உரிமை இருவருக்கும் இருக்க வேண்டும். திரும்பத் தொடங்க மட்டும் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்கு யாரும் போன் எடுக்காததால்தான் பல பதிவுகள் காலையில் போய்ச் சேருகின்றன.

நிறுத்தியதும் அடுத்த கேள்வி, இரங்கல் பதிவு போடவா என்பது. உங்கள் வாடிக்கையாளர்களிலோ ஊழியர்களிலோ யாரும் பாதிக்கப்படவில்லை, சம்பவத்துக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை என்றால் சும்மா இருப்பதே மேல் என்பது என் எண்ணம். துணிக்கடை ஏன் இன்னும் அஞ்சலி செலுத்தவில்லை என்று யாரும் கேட்கப்போவதில்லை. போட்டே தீர வேண்டிய நிலை என்றால் இரண்டு வரி போதும். இறந்தவர் எண்ணிக்கையை எழுதாதீர்கள், முதல் நாள் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். சம்பவ இடத்தின் படம் வேண்டாம், பரவிக்கொண்டிருக்கும் ஹேஷ்டேக் வேண்டாம். முக்கியமாக, டிசைனர் இந்த வாரம் முழுக்க பயன்படுத்தும் பண்டிகை டெம்ப்ளேட்டைப் பாருங்கள்: மூலையில் தோரணமும் தள்ளுபடி முத்திரையும் இருக்கும். அவசரத்தில் அதே டெம்ப்ளேட்டில் பின்னணியை மட்டும் கருப்பாக மாற்றி இரங்கலைப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், முத்திரை அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. இரங்கலை ஷெட்யூல் செய்யவும் வேண்டாம், அது கையால் போடும் பதிவு.

எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்பதற்கு 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நான் மணிக்கணக்கை நம்புவதில்லை. காணாமல் போனவர்களைத் தேடுவது இன்னும் நடக்கிறதா, இறுதிச் சடங்குகள் நடந்துகொண்டிருக்கின்றனவா, அரசு துக்கம் அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் கொண்டாட்டப் பதிவு வேண்டாம். அப்புறம் உங்களைப் பின்தொடர்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பக்கத்தின் இன்சைட்ஸில் பாருங்கள். சம்பவம் நடந்த ஊரிலேயே பெரும்பகுதி இருந்தால் இந்த வாரத்தையே விட்டுவிடலாம். வேறு நாட்டில் நடந்தது, உங்கள் வாசகர்கள் அதைச் செய்தியாக மட்டும் கேட்டிருக்கிறார்கள் என்றால், மோதும் பதிவுகளை எடுத்துவிட்டு மறுநாளே மிச்சத்தைத் தொடர்வதில் தப்பில்லை. உலகத்தில் எங்கே எது நடந்தாலும் எல்லாவற்றையும் நிறுத்துபவர்களால் ஒரு பண்டிகையும் கொண்டாட முடியாது.

திரும்ப ஆரம்பிக்கும்போது ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள். சில கருவிகளில், நிறுத்தியிருந்த காலத்தில் நேரம் கடந்துபோன பதிவுகள் திறந்ததும் அடுத்தடுத்து வெளியே போகும். வேறு சிலவற்றில் அவை அப்படியே கிடக்கும். உங்கள் கருவி எந்த வகை என்பதை ஒரு சோதனைக் கணக்கில் சாதாரண நாளிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால், நேரம் கடந்தவற்றை எல்லாம் வரைவாக மாற்றிவிட்டு அப்புறம் திறங்கள். முதலில் டெலிவரி மாதிரித் தகவல் பதிவு ஒன்று போகட்டும். அதன் கீழே வரும் கமெண்ட்களை இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். "இந்த நேரத்தில் இது தேவையா?" என்று ஒருவர் கேட்டு, அதற்குப் பலர் லைக் போட்டிருந்தால் இன்னொரு நாள் பொறுங்கள். அமைதியாக இருந்தால் பொருள் படங்கள், பிறகு மனிதர்கள் சிரிக்கும் படங்கள், கடைசியில் போட்டி.

விளம்பரத்தைத் திறக்கும்போது வாசகத்தைத் திருத்தினால் அது மறுபடி மெட்டாவின் பரிசீலனைக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்திவைத்த விளம்பரம், திரும்ப ஓடும்போது, யாருக்குக் காட்டுவது என்று மெட்டா பழகும் கற்றல் கட்டத்தை முதலிலிருந்து தொடங்கும், முதல் சில நாள் செலவு கூடுதலாகத் தெரியலாம். பண்டிகை முடிய இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறதென்றால் பழைய விளம்பரத்தை விட்டுவிட்டு, பண்டிகை என்ற சொல்லே இல்லாத எளிய ஒன்றைப் புதிதாக ஓட்டுவது லாபம். போட்டியைத் தள்ளிவைத்திருந்தால் கடைசித் தேதியை எங்கெல்லாம் எழுதியிருக்கிறீர்கள் என்று தேடி மாற்றுங்கள். பதிவில் மாற்றிவிட்டு, அதே தேதி அச்சிட்ட படத்தை அப்படியே விடுவது இந்த வேலையில் வழக்கமாக நடப்பது.